யூனிட்டி தெரிந்தவரா, கேம் வெளியிட்டவரா?

கேம் டெவலப்பர் வேலைக்கு இரண்டு ரெஸ்யூமே, யாரை இன்டர்வியூவுக்கு அழைப்பது? வேலை அறிவிப்பு கேட்பது யூனிட்டி என்ற கேம் இன்ஜின், வெளியான கேம், பெர்ஃபார்மன்ஸ் டியூனிங். முதல் ரெஸ்யூமேயில் யூனிட்டி 5 வருடம், ஆனால் எதுவும் வெளியாகவில்லை, டியூனிங் பற்றி "கேமை வேகமாக்கினேன்" என்று ஒரே வரி. எந்த போனில், எவ்வளவு?

இரண்டாமவர் அன்ரியல் என்ற வேறு இன்ஜினில் வேலை செய்தவர். ஒரு மொபைல் கேம் ஸ்டோரில் இருக்கிறது. "ப்ரொஃபைலரில் பார்த்தால் நிழல் விழும் விளக்குகள்தான் ஜிபியூ நேரத்தைத் தின்றன, அவற்றைக் குறைத்ததும் பிரேம் 24 மில்லிசெகண்டிலிருந்து 15-க்கு வந்தது" என்று எழுதியிருக்கிறார், கூடவே போன் மாடலும். நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட்தான், அதற்குள் கொண்டுவந்திருக்கிறார்.

நான் இரண்டாமவரைத்தான் அழைப்பேன். சி ஷார்ப்பும் யூனிட்டி எடிட்டரும் பழக அவருக்குச் சில வாரம் பிடிக்கும், சரி. ஆனால் அடுத்த மாதமே ரிலீஸ், டீமில் வேறு யூனிட்டி ஆளே இல்லை என்றால் முதலாமவரிடம் பேசிப் பார்ப்பேன், ப்ரொஃபைலரைத் திறந்து காட்டச் சொல்லி.