ஏழு என்றால் எந்த ஏழு? குரல்வழி அலாரத்துடன் நான்கு ஆண்டுகள்

குரலுக்குக் கட்டுப்படும் இந்தச் சிறிய ஒலிபெருக்கியின் விலை குறைந்திருப்பதாகவும், படுக்கையறையில் அலாரத்துக்காக அதை வாங்கலாமா என்றும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். நான்கு ஆண்டுகளாக அதை நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். ஒலித்தரம், தோற்றம், இணைப்பு வசதிகள் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் அவற்றை விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். காலை, மாலை என்று எதுவும் சேர்க்காமல் "ஏழு மணிக்கு அலாரம் வை" என்று சொன்னால் இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதே அது.

அது பின்பற்றும் விதி எளிமையானது: சொன்ன நேரத்திலிருந்து அடுத்து வரும் ஏழு மணி எதுவோ அதை எடுத்துக்கொள்கிறது. இரவு பத்து மணிக்குச் சொன்னால் மறுநாள் காலை ஏழு. பகல் பதினொன்றுக்குச் சொன்னால் அன்று மாலை ஏழு. பெரும்பாலானோர் படுக்கப் போகும்போதுதான் அலாரம் வைப்பார்கள் என்பதால் பெரும்பாலான நாள்களில் இந்த விதி சரியாகவே அமைந்துவிடுகிறது. முதல் ஓராண்டு முழுவதும் இப்படி ஒரு விதி இருப்பதே எனக்குத் தெரியாது. அந்த அளவுக்கு அது சரியாக வேலை செய்தது என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

அந்த விதி புதிதும் அல்ல. சாவி கொடுக்கும் பழைய மேசைக் கடிகாரத்தில் மணிமுள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலார முள்ளைக் கடந்து போகும். அப்படிக் கடக்கும்போது மணி அடிக்கும். ஆகவே பன்னிரண்டு மணி நேரத்துக்கு அப்பால் அலாரம் வைக்க அந்தக் கடிகாரத்தால் இயலாது. அதை வைத்திருந்தவர்கள் படுக்கும் முன்புதான் அலாரத்தை முடுக்குவார்கள். பிற்பகலிலேயே முடுக்கினால் மாலையிலேயே அடித்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். கருவியின் எல்லை முகப்பிலேயே தெரிந்தது. குரல்வழிக் கருவி அதே நடத்தையை வைத்துக்கொண்டு எல்லையை மட்டும் மறைத்துவிட்டது. எத்தனை மணி நேரத்துக்கு அப்பால் வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு, வெறும் எண்ணைச் சொன்னால் பழைய கடிகாரத்தைப் போலவே நடந்துகொள்கிறது.

இரண்டாம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கு எனக்கு ஒரு பயணம் இருந்தது. முந்தைய நாள் பிற்பகல் இரண்டு இருபதுக்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே, நினைவிருக்கும்போதே வைத்துவிடலாம் என்று ஏழு மணிக்கு அலாரம் வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டதாகச் சுருக்கமாக அறிவித்தது. காலையா மாலையா என்பது அந்த அறிவிப்பில் இல்லை. ஐந்தரை மணிக்கு வெளியே போய் ஒன்பதரைக்குத் திரும்பினேன். வைத்து நாலே முக்கால் மணி நேரம் கூட ஆகாத நிலையில், மாலை ஏழு மணிக்கு, ஆளில்லாத வீட்டில் அலாரம் ஒலித்திருக்கிறது. நிறுத்த யாரும் இல்லாததால் பத்து நிமிடங்களில் தானாகவே அடங்கியிருக்கிறது. ஒருமுறை மட்டும் ஒலிக்க வேண்டிய அலாரம் என்பதால் ஒலித்ததோடு பட்டியலிலிருந்தும் நீங்கிவிட்டது. மறுநாள் நான் கண் விழித்தபோது மணி எட்டு இருபத்தைந்து. கைப்பேசிச் செயலியின் பழைய பதிவுகளைத் தேடிய பிறகுதான் முந்தைய மாலை 7:00 என்ற வரி கண்ணில் பட்டது.

இந்த விதியில் தவறு நேர்ந்தால் அது எப்போதும் முன்கூட்டியே ஒலிக்கும் தவறாகத்தான் இருக்கும் என்பதை அதன் பிறகு யோசித்துப் புரிந்துகொண்டேன். அருகில் நாம் இருந்தால் அந்தத் தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும், திருத்திக்கொள்ளலாம். அருகில் இல்லாதபோதுதான் அது நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

வேறு விதியும் உண்டு. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தொடங்க வைக்கும் கட்டளை இது:

```
at 7
```

இதைப் பிற்பகல் இரண்டு இருபதுக்குக் கொடுத்தால் மறுநாள் காலை ஏழு என்றே எடுத்துக்கொள்ளும். `am`, `pm` என்று சேர்க்காதவரை அது எண்ணை இருபத்துநான்கு மணிக் கணக்கில் படிக்கிறது. இன்றைய ஏழு கடந்துவிட்டால் நாளைக்குத் தள்ளிவிடுகிறது. அன்று எனக்கு அந்த விதிதான் உதவியிருக்கும். ஆனால் அதே பிற்பகலில் மாலை ஏழு மணி மாத்திரையை நினைவூட்டச் சொன்ன ஒருவருக்கு அது பன்னிரண்டு மணி நேரம் தாமதமாகியிருக்கும். எண்ணை மட்டும் பார்க்கும் எந்த விதியும் இருவருக்கும் பொருந்தாது.

என் கோபம் இங்கேதான். "ஏழு மணிக்கு எழுப்பு" என்பதிலும் "ஏழு மணிக்கு மாத்திரையை நினைவூட்டு" என்பதிலும் வினைச்சொல்லே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. பிற்பகலில் ஒருவர் எழுப்பச் சொன்னால், சிறு தூக்கம் போடப் போகிறாரா, நாளைக் காலையைச் சொல்கிறாரா என்று ஐயம் வர வேண்டும். ஐயம் வந்தால் கேட்க வேண்டும். இதே கருவி நினைவூட்டல் என்று சொன்னால் காலையா மாலையா என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அலாரம் என்றால் கேட்பதில்லை. கேட்கத் தெரிந்த கருவி, தூக்கம் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் ஏன் கேட்காமல் இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எந்நேரமும் கேட்க வேண்டியதும் இல்லை. இரவு பதினொன்றுக்கு ஏழு என்றால் கேள்வியே தேவையில்லை; நண்பகலுக்கும் மாலை ஏழுக்கும் இடையில் மட்டும் கேட்டால் போதும்.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் உண்டு. அலாரத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டால் மணி, நிமிடக் கணக்கில் சொல்லிவிடுகிறது. அன்று கேட்டிருந்தால் நான்கு மணி நாற்பது நிமிடம் என்ற விடையே என்னை நிறுத்தியிருக்கும். "நாளை" என்ற சொல் சரிசெய்ய முடியாததையும் இது பிடித்துவிடுகிறது. நள்ளிரவு பன்னிரண்டு நாற்பதுக்குப் படுக்கப் போகும்போது "நாளைக் காலை ஏழு" என்றேன். எனக்கு அது தூங்கி எழும் காலை, நாள்காட்டிக்கோ அதற்கு அடுத்த நாள். முப்பது மணி இருபது நிமிடம் என்று விடை வந்ததும் மாற்றிவைத்தேன். அறிவிப்பிலேயே இந்த ஒரு கணக்கைத் தானாகச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சொன்னதைத் தவறாமல் கேட்கும் காது, நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பழுதாகாத உடல், குறைந்த விலை என்று எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் படுக்கையறைக்கு இதை வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொன்னேன். என்னுடையது இப்போது சமையலறையில் இருக்கிறது. அங்கே "இருபது நிமிடம்" என்று மட்டும் சொல்கிறேன். அதில் காலையும் இல்லை, மாலையும் இல்லை.