‘டஸ் த ட்ரெயின் லீவ்’, ‘த ட்ரெயின் லீவ்ஸ்’: எது எங்கே?

குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயிலுக்குக் காத்திருந்தபோது, என் தங்கை மகன் பக்கத்தில் நின்ற பயணியிடம் கேட்டான்: “டூ யூ நோ வென் டஸ் த ட்ரெயின் லீவ்?” தமிழில் “வண்டி எப்போது கிளம்பும்?” என்ற கேள்வியை அப்படியே வைத்து, “என்று தெரியுமா?” என்று சேர்த்தால் போதும். அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்திலும் வந்து, அவன் கேள்வியைப் பிழையாக்கிவிடுகிறது.

நேர்க் கேள்வி: “வென் டஸ் த ட்ரெயின் லீவ்?” இங்கே ‘டஸ்’ முன்னால் வரவேண்டும்.

“டூ யூ நோ” முன்னால் வந்ததும், கேள்வியின் வேலையை அதுவே செய்துவிடுகிறது. உள்ளே இருப்பது சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்பும்: “வென் த ட்ரெயின் லீவ்ஸ்.” ‘டஸ்’ போய்விட்டது, அது சுமந்த ‘ஸ்’ வினைக்கே வந்துவிட்டது. பலர் தவறவிடுவது இந்த ‘ஸ்’ஸைத்தான். ‘டிட்’ போனால் ‘லீவ்’ என்பது ‘லெஃப்ட்’ ஆகும். “வாட் இஸ் ஹிஸ் நேம்” என்பதில் ‘இஸ்’ கடைசிக்குப் போகும்: “ஐ டோன்ட் நோ வாட் ஹிஸ் நேம் இஸ்.”

“ஹூ கேம்?” மட்டும் மாறாது. ‘ஹூ’வே எழுவாய், இடம் மாற வேறொன்றும் இல்லை: “ஐ டோன்ட் நோ ஹூ கேம்.”

சந்தேகம் வந்தால் பதிலைச் சொல்லிப் பாருங்கள்: “த ட்ரெயின் லீவ்ஸ் அட் த்ரீ.” அந்த வரிசைதான் உள்ளே வரவேண்டும்.