21,500 ரூபாய் கண்ணாடி ஒன்பதாம் நாள் தூள்

எங்கள் பாத்ரூம் கண்ணாடித் தடுப்பு இப்போது மூன்று வாளிகளில் கிடக்கிறது. நேற்று இரவு இரண்டு மணிக்கு, யாரும் தொடாமலே, பட்டாசு போல வெடித்து விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. பொருளும் கூலியும் சேர்த்து 21,500 ரூபாய்.

வாங்கியது டைல்ஸும் பாத்ரூம் சாமானும் விற்கும் ஒரு கடையில். மாட்ட வந்தவர் வேலை முடிந்ததும் கண்ணாடி நடுவில் முஷ்டியால் இரண்டு குத்து குத்தி, "பாருங்க சார், யானை முட்டினாலும் அசையாது" என்றார். அந்தக் குத்தில்தான் நான் விழுந்தேன். மீதிப் பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன், காபியும் கொடுத்தேன். இப்படிச் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய டஃபன்ட் கண்ணாடிக்கு முகத்தில்தான் பலம், ஓரமும் மூலையும்தான் உயிர்நிலை என்று அப்போது தெரியாது.

காலையில் கடைக்குப் போன் செய்தேன். "ஹீட்டர் சூடா இருக்கும் சார்." குளிக்கிற வெந்நீருக்கெல்லாம் இந்தக் கண்ணாடி வெடிக்காது. மறுபடி கேட்டால், "தானாவும் வெடிக்கும் சார், கம்பெனி பொறுப்பு." அபூர்வமாக அப்படி நடப்பது உண்மைதான், அதுதான் கடைக்காரருக்கு வசதியாகப் போயிற்று. மூன்றாவது தடவை, "முதலாளி சைட்டுக்குப் போயிருக்கார்."

அப்புறம் கண்ணாடியைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்ப் வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தேன். கண்ணாடிக்கு இரு பக்கமும் வைக்க வேண்டிய ரப்பர் பேக்கிங் அத்தனையும் கவர் பிரிக்காமல் உள்ளே! பேக்கிங் வைத்தால் கண்ணாடியைக் கிளாம்புக்குள் நுழைப்பது சிரமமாக இருந்திருக்கும், அதனால் அதை விட்டுவிட்டு இரும்போடு கண்ணாடியை நேராக வைத்து முறுக்கியிருக்கிறார்.

தரையிலும் இதே கூத்து. தண்ணீர் ஓடுவதற்காக எங்கள் தரையில் மூன்று அடிக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் இருக்கிறது. கண்ணாடியோ அடியில் நேராக வெட்டியது. டஃபன் செய்த பிறகு அதை வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. முதலிலேயே அளவெடுத்து வாட்டத்துக்கு வெட்டச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் பிளாஸ்டிக் கட்டை வைத்துத் தூக்கியிருக்க வேண்டும். இவர் சுவரோர மூலையை டைல்ஸ் மேலேயே உட்காரவைத்து, மறுமுனைச் சந்தில் சிலிக்கானை அடைத்துவிட்டார். முப்பது கிலோவுக்கு மேல் பாரம் ஒரு மூலையில். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன் என்றாரே, சுவருக்கு மட்டும்!

கண்ணாடி மாட்டச் சொல்கிறவர்கள் கவனத்துக்கு: கிளாம்பை முறுக்கும் முன் ரப்பர் உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கண்ணாடியின் அடி டைல்ஸைத் தொடக் கூடாது. சிலிக்கான் ஒரு நாள் காய்ந்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகுதான் மீதிப் பணம். முஷ்டிக் குத்தை நம்பாதீர்கள்.

இன்னும் எழுதலாம், நேரமில்லை. கடை பத்து மணிக்குத் திறக்கும். 21,500 ரூபாய் பில்லோடு அந்தப் பிரிக்காத ரப்பர் கவரையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.