பெருக்கல் அடையாளத்தைத் தொடாதையுங்கோ: அப்பா, அம்மாவோடு எட்டு மாதம் ஸ்னாப்சீட்

அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 69. கோண்டாவில் வீட்டு முற்றத்தில் பூத்தது, காய்த்தது எல்லாவற்றையும் படமெடுத்து கனடாவில் இருக்கிற அண்ணாவுக்கு வைபரில் அனுப்புவதுதான் இருவருக்கும் பின்னேரப் பொழுதுபோக்கு. படங்கள் வடிவுதான். ஆனால் செவ்வரத்தைக்குப் பக்கத்தில் ஒரு சொப்பிங் பை கிடக்கும், வானத்தில் கரண்ட் கம்பி ஓடும். "உதை எடுத்துவிட ஏலாதோ பிள்ளை?" என்று அப்பா கேட்டதில் தொடங்கியது இது.

ஸ்னாப்சீட் படங்களைத் திருத்துகிற கூகுளின் இலவசச் செயலி, பிளே ஸ்டோரில் Snapseed என்று தேடினால் வரும். நான் இதைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம் விளம்பரம் இல்லாததுதான். முதலில் போட்டுக் கொடுத்த வேறொரு செயலியில் நடுவே வந்த விளம்பரத்தை அம்மா தட்டி, என்னவோ ஒரு விளையாட்டு போனில் இறங்கிவிட்டது. வயதானவர்களுக்கு விளம்பரம் உள்ள செயலியைக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

வேலை செய்வது Healing என்ற ஒரு கருவி. அடியில் இருக்கும் TOOLS ஐத் தட்டினால் வரும் கட்டங்களில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் போன்ற படம் உள்ளது அது. அம்மா அதற்கு 'பிளாஸ்டர்' என்றே பெயர் வைத்துவிட்டா. அதைத் திறந்து, வேண்டாத பொருளின் மேல் விரலால் தேய்த்தால் தேய்த்த இடம் சிவப்பாகத் தெரியும். விரலை எடுத்ததும் பொருள் மறைந்து, சுற்றியுள்ள மணலோ வானமோ அந்த இடத்தை நிரப்பும். கேட்க இவ்வளவுதான். எங்களுக்கு இதற்கே இரண்டு மாதம் போனது.

சிக்கல் முழுக்க விரலில். இந்தக் கருவியில் தூரிகையின் அளவை மாற்ற ஒரு பொத்தானும் இல்லை. திரையில் அதன் பருமன் எப்போதும் ஒன்றுதான். படத்தை இரண்டு விரலால் பெருப்பித்தால் அதே தூரிகை படத்தின் சின்ன இடத்தை மட்டும் தொடும். பெருப்பிக்காமல் தேய்த்தால் சொப்பிங் பையோடு சேர்ந்து பக்கத்துப் பூவும் போய்விடும். ஆகவே பெருப்பிக்கத் தெரியாமல் எதுவும் நடக்காது. அங்கேதான் அப்பா விழுந்தார். அவருடைய இரண்டு விரலும் ஒரே நேரத்தில் திரையில் படாது. ஒன்று முந்தும். முந்தின விரலைச் செயலி தேய்ப்பு என்று எடுத்துக்கொள்ளும். "இஞ்ச பார், நான் ஒண்டும் செய்யேல்ல, அது தானாச் சிவப்பாக் கீறுது" என்று போனை என்னிடம் நீட்டுவார்.

அதனால் பாடத்தின் வரிசையையே மாற்றினேன். அழிப்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் திரும்பி வரப் பழகுவோம். கருவியின் அடியில் நடுவே வளைந்த அம்புக்குறி இருக்கிறது, கடைசியாகச் செய்ததை அது இல்லாமலாக்கும். ஒரு கிழமை முழுக்க அப்பா வேண்டுமென்றே படத்தைக் கெடுத்து, அம்புக்குறியைத் தட்டித் தட்டிச் சரியாக்கினார். பயம் போனது. இரண்டாவது கிழமை மேசையில் போனைப் படுக்க வைத்து, இரண்டு விரலையும் சேர்த்து ஒன்றாக வைத்து, பிறகு விரிக்கிற பழக்கம் மட்டும். கையில் பிடித்துக்கொண்டு செய்தபோது வந்த நடுக்கம் மேசையில் பாதிக்கு மேல் குறைந்தது. இடையிடையே திரை இருண்டுபோனதால் அது அணையும் நேரத்தையும் போன் செற்றிங்கில் கூட்டிவிட்டேன்.

ஒரு படத்தைச் சொன்னால் விளங்கும். கொய்யா மரத்தடியில் அம்மா நிற்கிறா. மணலில் வெள்ளைச் சொப்பிங் பை ஒன்று, வானத்தில் கம்பி, அம்மாவின் தலைக்குப் பின்னால் உடுப்புக் கொடி. அப்பா முதலில் பையை எடுத்தார். பை திரையில் பெரிதாகத் தெரியும்வரை பெருப்பித்து, அதன் ஓரத்தைக் கொஞ்சம் தாண்டித் தேய்த்தார். ஓரம் மிஞ்சினால் அதுவும் நிரப்புக்குள் இழுபடும், பையின் நிழலை விட்டால் பையில்லாத நிழல் மட்டும் கிடக்கும். கம்பியை ஒரே இழுப்பில் அழித்தபோது வானத்தில் கஞ்சி வடிந்ததுபோல ஒரு பட்டை. அம்புக்குறி. பிறகு சின்னச் சின்னத் துண்டாக, துண்டுக்கொரு முறை விரலை எடுத்து அழித்தார். சுத்தமாகப் போனது.

உடுப்புக் கொடிதான் தோல்வி. அது அம்மாவின் தலைமயிரைத் தொட்டுக்கொண்டு போனது. தொடும் இடத்தைத் தேய்த்தால் கொடி இருந்த இடத்தில் மயிர் வந்தது, இன்னொரு முறை தேய்த்தால் காதில் இலை. செயலிக்கு எது அம்மா, எது கொய்யா என்று தெரியாது, பக்கத்தில் உள்ளதை அள்ளிப் போடும். ஆகவே ஆளைத் தொடும் இடத்துக்கு ஒரு விரலகலம் முன்னாலேயே நிற்பாட்டச் சொன்னேன். மிச்சக் கொடி இன்னும் படத்தில் இருக்கிறது. இதே காரணத்தால் கிடுகு வேலி, தரை ஓடு போன்ற கோடும் வரிசையும் உள்ள இடங்களிலும் கோடுகள் பொருந்தாமல் முறிந்து காட்டிக்கொடுக்கும். பெரிய பொருளும் சரிவராது. கலியாணப் படமொன்றின் ஓரத்தில் நின்ற ஒருவரை அப்பா அழித்துப் பார்த்தார். ஆள் போனார், செருப்போடு ஒரு கால் மட்டும் நின்றது.

கெட்டதைக் கண்டுபிடிக்க அம்மாவிடம் நல்ல வழி இருக்கிறது. படத்தைப் பழைய அளவுக்குச் சுருக்கி, ஒரே இலையோ ஒரே கல்லோ இரண்டு தரம் இருக்கிறதா என்று பார்ப்பா. இருந்தால் அது பிளாஸ்டர் ஒட்டிய இடம்.

மூன்றாம் மாதம் பெரிய அழுகை ஒன்று நடந்தது. இருபது நிமிடம் இருந்து ஒரு படத்தைத் துப்புரவாக்கிய அம்மா, முடிந்தது என்று நினைத்து இடப்பக்கம் இருந்த பெருக்கல் அடையாளத்தைத் தட்டிவிட்டா. மற்ற இடங்களில் அது 'மூடு'. இங்கே 'செய்ததெல்லாம் வேண்டாம்'. சேமிக்க வலப்பக்கத்துச் சரி அடையாளத்தைத் தட்ட வேண்டும், பிறகு EXPORT, பிறகு Save. இதை அம்மா கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறா: "சரி போட்டால் தான் சரி."

சேமித்த படம் மூலப்படத்துக்குப் பக்கத்தில் வராமல், கலரியில் Snapseed என்ற தனி அல்பத்துக்குள் போய் இருந்ததும் ஒரு தலையிடி. அப்பா ஒரு மாதமாகத் திருத்தியதை விட்டுவிட்டுப் பழைய படத்தையே அண்ணாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அண்ணாவும் "வடிவா இருக்கு" என்றே பதில் போட்டுக்கொண்டிருந்தான். நல்லது என்னவென்றால் மூலப்படம் அழியாது, அதனால் எவ்வளவு கெடுத்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று: அண்ணா போனிலேயே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்துக் குழப்பினான். அவனுடைய ஐபோனில் 2025 இல் வந்த புதிய பதிப்பின் தோற்றம் வேறு, எங்களுடைய ஆண்ட்ராய்டில் இருந்தது பழையது. இருவர் கையிலும் ஒரே திரை இல்லையென்றால் தொலைவிலிருந்து படிப்பிக்க வேண்டாம்.

இப்போது அப்பா எதையும் என்னிடம் கேட்பதில்லை. அம்மா கேட்பா, பெருப்பிக்க மட்டும். அவவின் விரல் நுனி காய்ந்துபோய்த் திரை சில நேரம் உணராது. ஈரத் துணியில் விரலை ஒற்றிவிட்டுத் தொட்டால் வேலை செய்கிறது. நேற்று முருங்கை மரத்தில் இருந்த காகத்தை அப்பா அழிக்கப் போக, "அது வாறது சோத்துக்கு, விடுங்கோ" என்று அம்மா போனை வாங்கி வைத்துவிட்டா.