கையால் வரைந்த மாஸ்க்கா, ரோட்டோ பிரஷ்ஷா: ஓரம் எதில் துடிக்கிறது?

வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் சந்தன நிறச் சுவருக்கு முன்னால் இடமிருந்து வலமாக நடந்து போகிறார். நாலு விநாடி ஷாட். விநாடிக்கு 25 ஃபிரேம், ஆக மொத்தம் 100. சுவரை எடுத்துவிட்டு, அவருக்குப் பின்னால் இரவு நேரத் தெருவை வைக்க வேண்டும். பச்சைத் திரை கிடையாது, ஃபோனில் எடுத்தது. இந்த ஒரே ஷாட்டை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் இரண்டு வழியிலும் வெட்டிப் பார்த்தேன்.

முதலில் ரோட்டோ பிரஷ். நடுவில் ஒரு ஃபிரேமில் ஆள்மேல் பச்சைக் கோடு இழுத்தால் போதும், மென்பொருளே அவரைச் சுற்றி ஓரம் கண்டுபிடித்து அடுத்தடுத்த ஃபிரேம்களுக்குக் கொண்டுபோகும். அரை மணி நேரத்தில் 100 ஃபிரேமும் முடிந்தது. எந்த ஃபிரேமில் நிறுத்திப் பார்த்தாலும் வெட்டு சுத்தம். ஓடவிட்டேன். வேட்டியின் ஓரம் முழுக்க எறும்பு ஊர்வதுபோலத் துடித்தது. சட்டையின் தோள்பட்டை மட்டும் அசையாமல் நின்றது.

ஒவ்வொரு ஃபிரேமும் சரி, சேர்த்துப் பார்த்தால் தப்பு. இதுதான் இந்த வேலையின் குணம். ரோட்டோ பிரஷ் முந்தைய ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்ததைத் தேடுகிறது. இருந்தாலும் ஓரம் எங்கே என்ற முடிவை ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக எடுக்கிறது. அவருடைய நீலச் சட்டைக்கும் சுவருக்கும் நிற வித்தியாசம் அதிகம் என்பதால் அங்கே முடிவு மாறவில்லை. வெள்ளை வேட்டிக்கும் வெளிறிய சுவருக்கும் நடுவில் எல்லையே மங்கல். இந்த ஃபிரேமில் இந்த பிக்சல் என்று முடிவு செய்தது, அடுத்ததில் ஒரு பிக்சல் உள்ளே, அதற்கடுத்ததில் இரண்டு வெளியே. தனியாகப் பார்த்தால் மூன்றுமே நியாயமான பதில்கள்தான். விநாடிக்கு 25 முறை பதிலை மாற்றினால் கண்ணுக்கு அது துடிப்பு.

வேறொரு காரணமும் கூடச் சேர்ந்துகொண்டது. ஓரத்து பிக்சல்களில் பழைய சுவரின் நிறம் கலந்திருக்கும். வெட்டு ஒரு பிக்சல் வெளியே போகும்போது அந்த வெளிறிய கீற்று தெரியும், உள்ளே வரும்போது மறையும். பின்னணி இரவுத் தெரு என்பதால் அது பளிச்பளிச்சென்று அடித்தது. இதே வெட்டைப் பகல் நேரக் காட்சிமேல் வைத்தால் பாதித் துடிப்பு கண்ணிலேயே படாது.

சரி, அடுத்தது கையால் மாஸ்க்: ஆளின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்து நாமே வரையும் கோடு. இதில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன்: ஆளைச் சுற்றி ஒரே பெரிய மாஸ்க், ஐம்பது அறுபது புள்ளி, ஒவ்வொரு ஃபிரேமிலும் கோட்டின் இடத்தைப் பதிந்துவைக்கும் ஒரு கீஃப்ரேம். பாடுபட்டு முடித்து ஓடவிட்டால் ரோட்டோ பிரஷ்ஷைவிட மோசமாகத் துடிக்கும். நம் கையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒரு பிக்சல் தடுமாறும் அல்லவா? ஆகவே கையால் வரைந்தால் ஓரம் நிற்கும் என்பது பாதிதான் உண்மை. ஓரத்தை நிறுத்துவது கை அல்ல, கீஃப்ரேம்களுக்கு இடையில் மென்பொருள் போட்டுக்கொள்ளும் நகர்வு.

அதனால் ஆளைத் துண்டு துண்டாகப் பிரித்தேன்: தலை, உடம்பு, மேல்கை, முன்கை, வேட்டி, பாதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாஸ்க், முடிந்தவரை குறைந்த புள்ளிகள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாக ஏறிக்கொள்ளலாம், வெளி ஓரம்தான் முக்கியம். பெரியவர் ஒரு அடி எடுத்து வைக்கச் சுமார் 12 ஃபிரேம் ஆகிறது. முதலில் பாதம் தரையைத் தொடும் ஃபிரேம்களில் மட்டும் கீஃப்ரேம். அப்புறம் இரண்டுக்கும் சரிபாதியில் போய்ப் பார்த்து, கோடு விலகியிருந்தால் மட்டும் இன்னொன்று. வேட்டி மாஸ்க் 19 கீஃப்ரேமில் முடிந்தது. உடம்புக்குப் பத்துகூட ஆகவில்லை. திருத்தும்போது முழு மாஸ்க்கையும் சேர்த்து நகர்த்தி, திருப்பி, கடைசியில்தான் தனிப் புள்ளியைத் தொட வேண்டும். முழங்கையில் வைத்த புள்ளி கடைசி வரை முழங்கையிலேயே இருக்க வேண்டும். அது முன்கைப் பக்கம் வழுக்கினால், கீஃப்ரேம் எண்ணிக்கை குறைவாக இருந்தும் ஓரம் நெளியும்.

இந்த வேட்டி ஓரம் சில ஃபிரேம்களில் உண்மையான ஓரத்தைவிட ஒன்றரை பிக்சல் உள்ளே இருந்தது. நிறுத்திப் பார்த்தால் தெரிகிற தவறு. ஓடும்போது ஒருவருக்கும் தெரியவில்லை. நிலையாக நிற்கும் சின்னத் தவறைக் கண் மன்னித்துவிடுகிறது. நேரக் கணக்கில் மட்டும் பலத்த அடி: அரை மணி நேர வேலை, அரை நாள் ஆனது.

வீசும் கையில்தான் இரண்டு வழிக்கும் உண்மையான சோதனை. கை ஒரு ஃபிரேமுக்கு 30 பிக்சல் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 ஃபிரேமில் ஷட்டர் 1/50 என்றால், ஃபிரேம் நேரத்தில் பாதிதான் திறந்திருக்கிறது, ஆகவே சுமார் 15 பிக்சல் அகலத்துக்குக் கை கரைந்து தெரியும். அங்கே ஓரம் என்று ஒரு கோடே கிடையாது. ரோட்டோ பிரஷ் அந்தக் கரைசலுக்குள் எங்கேயோ ஒரு கோடு போடுகிறது, அது ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுகிறது. அதிலுள்ள Reduce Chatter அளவை ஏற்றினால் அக்கம்பக்க ஃபிரேம்களின் ஓரத்தைச் சராசரி செய்து அமைதிப்படுத்தும். மெதுவாக நகரும் உடம்புக்கு அது நல்ல மருந்து. வேகமாக வீசும் கையிலோ ஓரம் பின்தங்கி, விரல்களுக்குப் பின்னால் வால்போல இழுபடும். மாஸ்க்கில் வழி எளிது. கரைசலின் நடுவே கோட்டை வரைந்து, மாஸ்க்குக்கு Motion Blur போட்டு, காம்பொசிஷன் அமைப்பில் ஷட்டர் கோணம் 180 இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், மாஸ்க் நகரும் வேகத்துக்கு ஏற்ப ஓரம் தானே கரையும்.

முடியில் நிலைமை தலைகீழ். காற்றில் பறக்கும் நரைமுடியை மாஸ்க் போட்டு வரைவது வீண் வேலை. அங்கே ரோட்டோ பிரஷ்ஷோடு வரும் ரிஃபைன் எட்ஜ் தூரிகையை முடி ஓரத்தில் ஓட்டினால் பின்னணி பாதி தெரியும் பிக்சல்களைத் தானே பிரிக்கும். கொஞ்சம் துடிக்கும்தான், முடி இயல்பிலேயே அசைவதால் பெரிதாக உறுத்தாது. டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் ஆளைத் தானே பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க்கையும் இதே ஷாட்டில் ஓட்டினேன். ஆளுக்கு மட்டும் நிறம் திருத்த அது போதும், பின்னணியையே மாற்றும் அளவுக்கு ஓரம் கிடைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் அது வரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

துடிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால், வெட்டின் வடிவத்தை மட்டும் காட்டும் ஆல்ஃபாவைக் கறுப்பு வெள்ளையாக வைத்து முழு வேகத்தில் ஓடவிடுங்கள். அதில் ஓரம் ஊர்ந்தால் வெட்டில் கோளாறு. ஆல்ஃபா நிலையாக இருந்து படத்தில் மட்டும் துடித்தால் பழைய பின்னணி நிறம் ஒட்டியிருக்கிறது: ஒரு பிக்சல் உள்ளே சுருக்குங்கள், அல்லது ஓர நிறத்தைச் சுத்தம் செய்யுங்கள். சீரான இடைவெளியில், விநாடிக்கு ஒருமுறை என்பதுபோல, மொத்த ஓரமும் ஒரு குதி குதித்தால் ஃபோனின் சுருக்கத்தைச் சந்தேகியுங்கள். முழுப்படமாகச் சேமித்த ஃபிரேம் வரும் இடத்தில் அப்படிக் குதிக்கும். போதாததற்கு, ஃபோன் வீடியோவில் பொதுவாக நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் இருக்கும், நிறத்தை நம்பி ஓரம் தேடும் எதுவும் அங்கே தடுமாறும்.

கடைசியில் அந்தப் பெரியவரை இப்படி அனுப்பினேன்: வேட்டியும் கைகளும் மாஸ்க், தலைமுடி ரிஃபைன் எட்ஜ், நீலச் சட்டை ரோட்டோ பிரஷ் கொடுத்தபடியே. சட்டையில் நான் கை வைக்கவே இல்லை.