போர்டில் குவிண்டால், பேச்சில் மூட்டை, எடையில் வேறு கணக்கு: மணிலா விற்பவர்கள் கவனிக்கவும்

விழுப்புரம் பக்கம் மணிலா, அதாவது நிலக்கடலை அறுவடை நடக்கிறது. களத்துக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் வியாபாரிகளும் கிளம்பிவிட்டார்கள். அப்படி ஒருவரிடம் நான் ஏமாந்த கணக்கை ரூபாய் பைசாவோடு எழுதுகிறேன்.

முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. நிலக்கடலை, 7,500. கூடவே ஒரு போன்: "போர்டுல 7,500 போகுதுண்ணே. மூட்டைக்கு 5,700 போட்டுத் தரேன். வண்டி என்னோடது."

விற்பனைக்கூட விலைப் போர்டில் இருப்பது குவிண்டால் விலை, அதாவது 100 கிலோவுக்கு. நூறால் வகுத்தால் கிலோ 75 ரூபாய். எங்கள் பக்கம் மணிலா மூட்டை என்றால் 80 கிலோ. 80-ஐ 75-ஆல் பெருக்கினால் 6,000. அவர் சொன்ன 5,700-ஐ 80-ஆல் வகுத்தால் கிலோ 71.25. வண்டி வாடகை மிச்சம் என்பதால் 300 ரூபாய் குறைவது நியாயமாகவே பட்டது. களத்தில் சுமார் 40 மூட்டை தேறும். 2,28,000 கைக்கு வரும் என்பது வீட்டில் போட்ட கணக்கு.

எடை போடும் அன்று அவருடைய ஆட்கள் ஒவ்வொரு சாக்கையும் தராசில் 84 வரும்வரை நிரப்பினார்கள். கேட்டால், "சாக்குக்கு ரெண்டு, மண்ணு தூசிக்கு ரெண்டு. ஊர் வழக்கம்தானேண்ணே" என்றார். வெறும் சணல் சாக்கு ஒன்றைத் தராசில் வைத்துக் காட்டினேன், ஒரு கிலோதான் இருந்தது. அதற்குப் பதில் இல்லை. பாதி மூட்டை லாரியில் ஏறிவிட்டது, மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் இறக்கச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

40 மூட்டை 38 ஆனது. அதற்கு 5,700 வீதம் 2,16,600. அதில் தரகு என்று 2 சதவீதம், 4,332 ரூபாய். ஏற்றுகூலி மூட்டைக்கு 20 வீதம் 760. போனில் பேசும்போது இந்த இரண்டும் வாயில் வரவே இல்லை. கையில் வந்தது 2,11,508.

சாக்குக்கு ஒரு கிலோ கழித்தால் மூட்டைக்கு 83 கிலோ, 38 மூட்டைக்கு 3,154 கிலோ மணிலா. கிலோவுக்கு எனக்குக் கிடைத்தது 67 ரூபாய். பேசிய 71.25-க்கே கொடுத்திருந்தால் இதே சரக்குக்கு 13,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாக வந்திருக்கும். மூட்டை விலையில் ஒரு ரூபாய்கூட அவர் குறைக்கவில்லை. மூட்டையைத்தான் பெரிதாக்கிவிட்டார்.

அப்புறம் அந்த ஸ்கிரீன்ஷாட். இணையத்தில் அன்றைய விலைப் பக்கத்தை முழுதாகத் திறந்து பார்த்தேன். அதே வரியில் மூன்று எண்கள் இருந்தன: Min Price 6,100, Max Price 7,500, Modal Price 6,900. நடுவில் இருந்ததை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறார். விற்பனைக்கூடத்தில் ஒவ்வொருவர் சரக்குக்கும் தனித்தனியாக விலை கேட்பார்கள். நன்றாகக் காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும், பருப்பு நிறையத் தேறும் ஏதோ ஒரு குவியலுக்கு 7,500 விழுந்திருக்கும். பெரும்பாலான சரக்கு போன விலை 6,900. வருமானக் கணக்கை இதில் போடுவதுதான் பத்திரம். ஈரம் இருந்தால் அதற்கும் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனைக்கூடத்தில் அந்த 6,900-க்கே விற்றிருந்தால்கூட, கிலோ 69 வீதம் 3,154 கிலோவுக்கு 2,17,626 வரும். வண்டி வாடகை 3,000 போனாலும் எனக்குக் கிடைத்ததைவிட 3,000 ரூபாய்க்கு மேல் கூடுதல். அங்கே விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை. சந்தைக் கட்டணத்தையும் வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் வருவது குவிண்டால் விலை. எங்கள் ஊர்ப் பேச்சிலும் உள்ளூர்ச் செய்தியிலும் பல சமயம் 80 கிலோ மூட்டை விலை. 6,900-ம் 5,520-ம் ஒரே விலைதான், இரண்டுமே கிலோ 69. இது தெரியாதவரிடம், "பேப்பர்ல 5,520தான் போட்டிருக்கான், நான் குவிண்டாலுக்கு 5,600 தரேன்" என்றால் லாபம் போலத்தான் தெரியும்.

எனவே யார் வந்தாலும் மூட்டைப் பேச்சே வேண்டாம். கிலோவுக்கு எவ்வளவு, சாக்குக்கு எத்தனை கிலோ கழிவு, தரகும் கூலியும் யார் தலையில் என்பதை வண்டி வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் தேதியும் மூன்று விலையும் தெரிகிற மாதிரி முழுதாகக் கேளுங்கள். முடிந்தால் லாரியை வெறுமையாக ஒருமுறை, ஏற்றிய பிறகு ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

அந்த ஆள் இப்போது பக்கத்து ஊர்களில் எள்ளுக்குச் சுற்றுகிறார். அதற்கும் மூட்டைக் கணக்கில்தான் விலை பேசுகிறாராம்.