வாட்ஸ்அப் பாட் செய்து தருகிறேன் என்று கியூஆரை ஸ்கேன் பண்ணச் சொன்னால், கொஞ்சம் பொறுங்கள்

சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியில் நானும் என் மனைவியும் டியூஷன் செண்டர் நடத்துகிறோம். ஆண்டு 4 முதல் எஸ்பிஎம் வரை 140 பிள்ளைகள், அதில் பாதிக்கு மேல் சுற்றிலும் உள்ள தோட்டங்களில் இருந்து வேனில் வருகிறவர்கள். பெற்றோருக்கு எங்களிடம் கேட்க இரண்டே கேள்விதான்: ஃபீஸ் எவ்வளவு, கிளாஸ் எத்தனை மணிக்கு. ஆனால் அதை இரவு பதினொன்றுக்கும் கேட்பார்கள், விடியற்காலை பெரட்டுக்குப் போகும் முன்னாலும் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு ஓய்வு கிடைப்பதே அந்த நேரத்தில்தான். எங்களுக்குத்தான் தூக்கம் போனது.

அப்போதுதான் ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம். தானாகவே பதில் சொல்லும் வாட்ஸ்அப் பாட், வாட்ஸ்அப்பே அனுமதித்த "அஃபிஷியல் ஏபிஐ" வழியில், ஒரே நாளில் செட் பண்ணித் தரப்படும். விற்றவன் நம் இனத்துப் பையன், தமிழில் நன்றாகப் பேசினான், ஆசிரியருக்கு உதவ வேண்டும் என்பதற்காக விலை குறைத்தேன் என்றான். 1,800 வெள்ளி ஒரே தவணையில், அதோடு மாதம் 80 வெள்ளி சர்வர் காசு. டுயிட்நவ்வில் அனுப்பினேன். ஒப்பந்தம், ரசீது எதுவும் கேட்கவில்லை. என் தப்பு.

மறுநாள் லேப்டாப்போடு வந்தான். செண்டர் ஃபோனை எடுத்து, வாட்ஸ்அப்பில் Linked devices உள்ளே போகச் சொன்னான், அவன் திரையில் இருந்த கியூஆரை ஸ்கேன் பண்ணச் சொன்னான். பத்து நிமிடத்தில் பாட் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. "இவ்வளவு சுலபமா தம்பி?" என்றேன். "அதான் சார் அஃபிஷியல்" என்றான்.

முதலில் வந்த தலைவலி சிரிப்பு வகை. ஒரு அம்மா "புக்குல் பெராப்பா கெலாஸ் மாதமாதிக்" என்று மலாயில் கேட்கிறார், கணக்கு வகுப்பு எத்தனை மணிக்கு என்று. பாட் சொல்கிறது: இரண்டு பாடம் 90 வெள்ளி. அவர் திரும்பக் கேட்கிறார், "புக்குல் பெராப்பா?" திரும்பவும் 90 வெள்ளி. மூன்றாவது தடவை அவர் எனக்கே ஃபோன் போட்டு, "சார், காசு கட்டிட்டேனே, ஏன் கேட்டுக்கிட்டே இருக்கீங்க?" என்றார். காரணம் பிறகுதான் தெரிந்தது, அந்த பாட் முழுவதும் இப்படித்தான் எழுதப்பட்டிருந்தது:

```js
if (text.includes('berapa')) return msg.reply(FEE);
if (text.includes('jadual')) return msg.reply(JADUAL);
```

மலாய் தெரிந்த யாருக்கும் இது உடனே புரியும். விலை கேட்டாலும் பெராப்பா, மணி கேட்டாலும் பெராப்பா, எத்தனை பிள்ளைகள் என்றாலும் பெராப்பா. பெராப்பா என்று வந்தால் முதல் வரியே பிடித்துக்கொள்ளும், அந்தக் கேள்வி இரண்டாவது வரிக்குப் போய்ச் சேராது. "டைம் என்ன சார்" என்று தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்கோ பதிலே கிடையாது. எங்கள் ஊரில் ஒரே மெசேஜில் மூன்று மொழி வரும், அது அவனுக்குத் தெரியாத விஷயமும் இல்லை.

அதைவிட மோசம், ஃபீஸ் தொகை அந்த நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. இரண்டு பாடத்துக்கு 90 என்பதை 100 ஆக்கினோம், மாற்றச் சொல்லி அவனுக்கு மெசேஜ் போட்டேன், ஒன்பது நாள் ஆனது. அதற்குள் பதினோரு பேர் 90 கட்டிவிட்டார்கள். பாட் சொன்ன விலைதானே என்று அந்த மாதம் விட்டுக்கொடுத்தோம், வேறு என்ன செய்வது?

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். மூன்றாவது மாதம் நடந்ததற்குத்தான் இந்தப் பதிவு.

ஃபீஸ் நினைவூட்டலையும் பாட்டே அனுப்பும், கூடுதல் காசு வேண்டாம் என்றான். மாத முதல் தேதி காலையில் 140 பேருக்கும் ஒரே வாசகம், இரண்டு நிமிடத்துக்குள். இவர்களில் நிறையப் பேர் எங்கள் எண்ணைச் சேமித்து வைத்ததே இல்லை, தெரியாத எண்ணில் இருந்து காசு கேட்டு மெசேஜ் வந்தால் இந்தக் காலத்தில் யார்தான் ஸ்கேமர் என்று புகார் அழுத்த மாட்டார்கள்? மத்தியானம் செண்டர் ஃபோனைத் திறந்தால், இந்தக் கணக்கு வாட்ஸ்அப்பைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று ஒரு திரை. அவ்வளவுதான். மறுபரிசீலனை கேட்டேன், நிராகரித்தார்கள்.

ஒன்பது வருட எண். பேனரில், வேன் கண்ணாடியில், பிள்ளைகளின் நோட்டுப் புத்தக அட்டையில் எல்லாம் அதுதான். வகுப்புக் குழுக்களில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று வைத்திருந்தோம், அட்மின் அந்த ஒரே எண், அதனால் குழுக்கள் அத்தனையும் ஊமையாகிவிட்டன. பணம் கட்டிய ஸ்லிப் படங்கள் ஃபோன் கேலரியில் இருந்தன, ஆனால் உரையாடலைத் திறக்க முடியாததால் எந்தப் படம் யார் அனுப்பியது என்று தெரியவில்லை. என் மனைவி இரண்டு வாரம் வங்கிக் கணக்கையும் படங்களையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்தினார்.

அவனைக் கேட்டால், "இது வாட்ஸ்அப் பிரச்சினை சார், புது சிம் வாங்குங்க, 600 கொடுத்தா செட் பண்ணித் தர்றேன்" என்கிறான்.

ஈப்போவில் கணினி படிக்கும் என் அக்கா மகன் சனிக்கிழமை வந்தான். "கியூஆர் ஸ்கேன் பண்ணீங்களா மாமா?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. ஆமாம் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். Linked devices என்பது நம் வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரில் திறப்பதற்கான வழி. அந்தப் பையன் தன் சர்வரில் ஒரு குரோம் பிரவுசரைத் திரை இல்லாமல் ஓடவிட்டு, அதில் எங்கள் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வைத்து, நிரல் மூலம் நாங்கள் தட்டச்சு செய்வது போலப் பதில் அனுப்பியிருக்கிறான். whatsapp-web.js என்று இதற்கு இலவச நிரல் நூலகமே இருக்கிறது. அதை எழுதியவர்களே முதல் பக்கத்தில், வாட்ஸ்அப் இப்படிப்பட்ட பாட்களை அனுமதிப்பதில்லை, எண் முடக்கப்படாது என்று உத்தரவாதம் இல்லை என்று நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார்கள். நூலகத்தின் மேல் குற்றம் இல்லை. அதை அஃபிஷியல் என்று 1,800 வெள்ளிக்கு விற்றவன் மேல்தான்.

இன்னொன்று சொன்னபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இணைத்த சாதனத்தில் எங்கள் உரையாடல் எல்லாம் தெரியும். பிள்ளைகளின் பெயர், அடையாள அட்டைப் படம், எந்த வீட்டில் பாக்கி, எந்த அப்பா வேலை போய் அவகாசம் கேட்டார் என்பது வரைக்கும். மூன்று மாதம் அது அவன் சர்வரில் திறந்தே கிடந்திருக்கிறது.

நிஜமான ஏபிஐ எப்படி இருக்கும் என்றால், வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவில் உங்கள் பெயரில், உங்கள் ஃபேஸ்புக் லாகினில் ஒரு வணிகக் கணக்கு திறக்க வேண்டும். எண்ணைப் பதிவு செய்ய எஸ்எம்எஸ்ஸிலோ அழைப்பிலோ குறியீடு வரும். வணிகத்தைச் சரிபார்க்க எஸ்எஸ்எம் வணிகப் பதிவுத் தாள் உதவும். பெற்றோர் மெசேஜ் அனுப்பிய 24 மணி நேரத்துக்குள் நீங்கள் விருப்பப்படி பதில் எழுதலாம், அதற்கு மெட்டா காசு வாங்குவதில்லை. அந்த நேரம் தாண்டினால், அல்லது நினைவூட்டல் போல நீங்களாக ஆரம்பித்தால், முன்பே ஒப்புதல் வாங்கிய வாசகம்தான் போகும், அதற்குக் கட்டணம் உண்டு. ஆகவே உங்களிடம் பாட் விற்பவர் 24 மணி நேரம் என்ற பேச்சையோ ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் என்ற பேச்சையோ எடுக்கவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். எங்கள் பையன் கடைசி வரை எடுக்கவில்லை.

கியூஆர் வந்தாலே ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. இப்போது பிசினஸ் ஆப்பில் இருக்கும் எண்ணையே ஏபிஐயோடு சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, அதிலும் ஓரிடத்தில் ஸ்கேன் வரும். ஆனால் அதற்கு முன்னால் மெட்டாவின் ஜன்னல் திறந்து, உங்கள் லாகினைக் கேட்டு, எந்த வணிகக் கணக்கு என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். விற்பவர் "என் கணக்கிலேயே போட்டுத் தர்றேன், உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றால் அதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள், நாளைக்குச் சண்டை வந்தால் எண் அவர் கையில் மாட்டிக்கொள்ளும்.

காசைத் திரும்ப வாங்க முயன்றேன். பயனீட்டாளர் தீர்ப்பாயம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதைத்தான் விசாரிக்கும், டியூஷன் செண்டருக்கு வாங்கியது வியாபாரக் கணக்கு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் சிறு தொகை வழக்குப் போடலாம், பாரம் 198. ஆனால் அதில் எதிராளியின் முகவரி எழுத வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு ஃபோன் எண்ணும் டுயிட்நவ் பெயரும்தான். அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது புது எண். முதல் இரண்டு மாதம் வெறும் பிசினஸ் ஆப்தான், குயிக் ரிப்ளையில் /yuran என்று அடித்தால் ஃபீஸ் வாசகம் வந்து நிற்கும், அனுப்புவது நாங்கள். உண்மையைச் சொன்னால் எங்கள் அளவுக்கு அதுவே முக்கால்வாசி போதுமாக இருந்தது. அப்புறம் அக்கா மகன் செமஸ்டர் விடுமுறையில் ஏபிஐயில் செய்து கொடுத்தான். யார் எந்த மொழியில் என்ன எழுதினாலும் மூன்று பட்டன் வரும்: ஃபீஸ், நேரம், ஆசிரியரிடம் பேச. நேரத்தை அழுத்தினால் வகுப்புப் பட்டியல் விரியும், ஒரு பட்டியலில் பத்து வரிதான் இடம், எங்களுக்கு எட்டு போதும். தொகையும் நேரமும் ஒரு கூகள் ஷீட்டில் இருக்கின்றன, என் மனைவி மாற்றினால் பாட் மாற்றிச் சொல்கிறது. பாக்கி விவரத்தை மட்டும் பாட்டிடம் கொடுக்கவில்லை, பிள்ளையின் பெயரை அடித்தால் யாருக்கும் பாக்கி தெரிந்துவிடும் என்பதால் அது மூன்றாவது பட்டன், நேரே என்னிடம் வரும்.

போன வாரம் அந்த விளம்பரம் மறுபடி என் கண்ணில் பட்டது. மகிழ்ச்சியான வாடிக்கையாளர் என்று எங்கள் செண்டர் பெயரைப் போட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வைத்திருக்கிறான். பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே "புக்குல் பெராப்பா?" என்று ஒரு அம்மா கேட்கிறார், கீழே பாட் 90 வெள்ளி என்கிறது.